ஆரஞ்சுத் தேதிக்கு அடியில் இருக்கும் படம்

தொண்ணூறுகளின் குடும்ப ஆல்பத்தைப் புரட்டினால் சில படங்களிலாவது வலது கீழ் மூலையில் ஆரஞ்சு நிற எண்கள் பளிச்சென்று தெரியும். '94 5 22 என்பது போல, கால்குலேட்டர் எழுத்தில். வயலில் எடுத்தாலும் மண்டபத்தில் எடுத்தாலும் அதே இடம், அதே நிறம். பாட்டியின் புடவைத் தலைப்பிலோ குழந்தையின் கொலுசுக் காலிலோ போய் உட்கார்ந்திருக்கும். படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று நினைக்கும்போதுதான் அது கண்ணை உறுத்தத் தொடங்கும்.

இதை அழிக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில் போகிறார்கள். பக்கத்து இடத்தை நகலெடுத்து எண்கள்மேல் ஒட்டுகிறார்கள். தேதி போய்விடும், ஆனால் அந்த இடத்தில் இருந்த புடவை மடிப்பும் தரையின் சொரசொரப்பும் சேர்ந்தே போய்விடும், பதிலுக்கு ஒரு வழவழப்பான திட்டு நிற்கும். உண்மையில் அந்த எண்களுக்கு அடியில் இருந்த படம் முழுதாக அழிந்துவிடவில்லை. அதில் ஒரு பங்கு ஃபிலிமிலேயே பத்திரமாக இருக்கிறது, பிரிண்டிலும் வந்திருக்கிறது. தேதி எப்படிப் படத்துக்குள் வந்தது என்று தெரிந்தால், அந்தப் பங்கைத் தேடி எடுக்கலாம்.

கேமராவின் முதுகில் ஒரு விளக்கு

தேதி அச்சடிக்கும் கேமராக்கள் எழுபதுகளிலேயே கடைக்கு வந்துவிட்டன. 1974-இல் கேனன் வெளியிட்ட 'டேட்மேட்டிக்' அவற்றில் ஒன்று. அதில் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் கையால் திருப்பி வைக்க வேண்டும். எண்பதுகளில் குவார்ட்ஸ் கடிகாரம் கேமராவுக்குள் புகுந்த பிறகு தேதி தானாக மாறத் தொடங்கியது. சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் சின்னத் தானியங்கிக் கேமராக்களில் பல, தேதி உள்ளது, தேதி இல்லாதது என்று இரண்டு வகையாகவே விற்பனைக்கு வந்தன.

பலரும் நினைப்பதுபோல, லேபில் பிரிண்ட் போடும்போது தாளின்மேல் மையால் அடித்த எண்கள் அல்ல இவை. கேமராவின் பின்கதவில் சின்ன விளக்கும் எண் காட்டும் சில்லும் இருக்கும். ஷட்டரை அழுத்தும்போது அந்த விளக்கு ஒரு கணம் எரிந்து, எண்களின் வடிவத்தை ஃபிலிமின் முதுகுப் பக்கத்திலிருந்து பதித்துவிடும். சில கேமராக்களில் விளக்கு முன்பக்கம், லென்சை ஒட்டி இருக்கும். எப்படியானாலும் தேதி நெகட்டிவிலேயே பதிந்துவிடுகிறது. எத்தனை பிரதி போட்டாலும் அது வரும். பிரிண்டைத் துணியால் துடைத்தோ நகத்தால் சுரண்டியோ எடுக்கப் பார்ப்பவர்கள் தாளின் வண்ணப் படலத்தைத்தான் பெயர்க்கிறார்கள்.

ஆரஞ்சு நிறத்துக்கும் காரணம் இந்த முதுகு வழிதான். கலர் நெகட்டிவ் ஃபிலிமில் ஒளியை உணரும் அடுக்குகள் மூன்று. லென்சைப் பார்த்த பக்கத்தில் நீல ஒளியை உணரும் அடுக்கு, நடுவில் பச்சைக்கானது, அடியில் சிவப்புக்கானது. நீல அடுக்குக்குக் கீழே ஒரு மஞ்சள் வடிகட்டியும் உண்டு. அது நீல ஒளியைக் கீழே இறங்கவிடாது. முதுகிலிருந்து வரும் விளக்கொளி முதலில் சிவப்பு அடுக்கில் படுகிறது, மிச்சம் பச்சை அடுக்குக்குப் போகிறது. நீல அடுக்குக்குப் போவதற்குள் மஞ்சள் வடிகட்டி தடுத்துவிடுகிறது. தவிர, அந்தக் குட்டி விளக்கின் ஒளியே சிவப்பும் ஆரஞ்சும் கலந்தது. அதில் நீலம் சொற்பம். சிவப்பு நிறையவும் பச்சை கொஞ்சமும் சேர்ந்தால் பிரிண்டில் ஆரஞ்சு. எண்ணின் நடுக்கோடு மஞ்சளாகவும் ஓரம் சிவப்பாகவும் இருப்பதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம். நடுவில் ஒளி அதிகம் பட்டதால் பச்சை அடுக்கும் சேர்ந்துகொண்டது. ஓரத்தில் கசிந்த ஒளி சிவப்பு அடுக்கோடு நின்றுவிட்டது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. தேதி, படத்தின்மேல் கூடுதலாக விழுந்த ஒளி. அதனால்தான் வெள்ளை வேட்டியிலோ வெளிறிய வானத்திலோ விழுந்த தேதி கண்ணுக்கே தெரிவதில்லை. ஏற்கெனவே நிறைய ஒளி பட்ட இடத்தில் இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டாவது செய்திதான் நமக்கு முக்கியம். நீல அடுக்கில் தேதி பெரும்பாலும் விழுவதே இல்லை. அந்த அடுக்கில் பாட்டியின் புடவை மடிப்பு மடிப்பாகவே இருக்கிறது.

ஸ்கேன் சரியில்லை என்றால் எதுவும் சரியில்லை

கணினியில் ஒவ்வொரு வண்ணப் படமும் மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களின் கூட்டு. சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றும் ஒரு சேனல். தேதி உள்ள படத்தைப் பிரித்துப் பார்த்தால், சிவப்புச் சேனலில் எண்கள் வெள்ளை வெளேரென்று எரியும். பச்சையில் மெலிந்து தெரியும். நீலத்தில் தேட வேண்டியிருக்கும்.

ஆனால் இதற்கு நல்ல ஸ்கேன் வேண்டும். உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் இந்த வேலை நடக்காது. ஜெபெக் கோப்பு பிரகாசத்தையும் நிறத்தையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, இடம் மிச்சப்படுத்த நிறத்தைப் பக்கத்துப் பிக்சல்களோடு சேர்த்துச் சராசரியாக்கிவிடும். அப்படிச் செய்யும்போது சிவப்புச் சேனலின் எண்கள் நீலச் சேனலுக்குள்ளும் கசிந்துவிடுகின்றன. ஃபிலிம் காப்பாற்றி வைத்ததைக் கோப்பு கெடுத்துவிடுகிறது.

பிரிண்டை ஆல்பத்திலிருந்து எடுத்து, சமதள ஸ்கேனரில் 600 டிபிஐ வைத்து, TIFF அல்லது PNG கோப்பாகச் சேமிக்க வேண்டும். நாலுக்கு ஆறு அங்குலப் பிரிண்ட் அப்போது 2400-க்கு 3600 பிக்சல் அளவில் வரும். ஸ்கேனர் மென்பொருளில் கூர்மைப்படுத்துதல், தானியங்கி நிறத் திருத்தம் இரண்டையும் அணைத்துவிட வேண்டும். கூர்மைப்படுத்தினால் ஒவ்வொரு எண்ணையும் சுற்றிக் கறுப்புக் கரை விழும். பிறகு அதையும் சேர்த்து அழிக்க வேண்டிவரும். ஆல்பத்தின் ஒட்டும் பக்கத்தோடு பிடித்துக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் பக்கத்தோடேயே வைத்து ஸ்கேன் செய்வதே நல்லது.

நெகட்டிவ் கிடைத்தால் அதை ஸ்கேன் செய்வது இன்னும் மேல். தேதி அதிலும் இருக்கும். ஆனால் பிரிண்டில் வெள்ளையாகிப்போன இடங்களில்கூட நெகட்டிவில் ஓரளவு விவரம் மிஞ்சியிருக்கும். தொண்ணூறுகளில் பலர் விரும்பிக் கேட்டு வாங்கிய, புள்ளி புள்ளியாக மேடு தட்டிய தாளில் உள்ள பிரிண்டுக்கு இது அவசியமே. அந்த மேடுகள் ஸ்கேனரின் ஒளியில் மின்னி, மூன்று சேனலிலும் வலை போல விழுந்துவிடும்.

அழிக்கும் முன் படித்துக்கொள்ளுங்கள்

தேதி உறுத்தலாக இருந்தாலும் அது ஒரு தகவல். அழிக்கும் முன் குறித்துக்கொள்ள வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. கேமராவில் வரிசையை மாற்றிக்கொள்ளலாம்: ஆண்டு மாதம் நாள், மாதம் நாள் ஆண்டு, நாள் மாதம் ஆண்டு. மேற்குறி உள்ள எண்தான் ஆண்டு. மற்ற இரண்டில் எது மாதம்? 5 12 '94 என்றிருந்தால் மே 12-ஆகவும் இருக்கலாம், டிசம்பர் 5-ஆகவும் இருக்கலாம். அதே கேமராவில் எடுத்த வேறு படங்களைத் தேடினால் 12-க்கு மேற்பட்ட எண் எங்காவது அகப்படும். அது விழுந்த இடம் நாளுக்கானது.

தேதியே பொய்யாகவும் இருக்கலாம். பேட்டரி மாற்றிவிட்டுத் தேதியைத் திருத்தாமல் விட்டால் கேமரா தனக்குத் தெரிந்த முதல் ஆண்டின் ஜனவரி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கிவிடும். பிறக்காத குழந்தை படத்தில் சிரித்துக்கொண்டிருந்தால் சந்தேகப்பட வேண்டியது தேதியைத்தான்.

சரியான தேதி உறுதியானதும் அதைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கலாம். எக்ஸிஃப்டூல் என்ற இலவச நிரலில் ஒரே வரி:

```
exiftool -DateTimeOriginal="1994:05:22 12:00:00" padam.tif
```

நேரம் தெரியாததால் நண்பகல் 12 என்று வைப்பது ஒரு வசதிக்காக. இனி அந்தப் படம் கணினியிலும் ஃபோனிலும் 1994-ஆம் ஆண்டின் படங்களோடு போய்ச் சேரும். எண்களைச் சுமந்த மூல ஸ்கேனை மாற்றாமல் தனியாக வைத்துவிட்டு, அதன் பிரதியில் மட்டும் கைவைக்க வேண்டும்.

சிமென்ட் தரை, பச்சைப் புடவை, ஜரிகை

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டு வாசலில் குடும்பமே நிற்கிறது. வலது ஓரம் நாற்காலியில் பாட்டி. '94 என்பது சிமென்ட் தரையில் விழுந்திருக்கிறது. 5 என்ற எண் பாட்டியின் புடவை ஜரிகைக் கரையைக் குறுக்காக வெட்டுகிறது. 22 கரும்பச்சைப் புடவையின் மடிப்புகளில் கிடக்கிறது. மூன்று இடத்துக்கும் மூன்று வைத்தியம்.

இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருள் போதும். படத்தைத் திறந்து Colors > Components > Decompose என்பதைச் சொடுக்கி, RGB என்று தேர்ந்தெடுத்து, Decompose to layers என்பதை டிக் செய்தால் red, green, blue என்று மூன்று லேயர்களோடு புதிய கோப்பு திறக்கும். முதலில் blue லேயரை மட்டும் காட்டவிட்டுப் பார்க்க வேண்டும். கலர் பிக்கரால் எண் இருந்த இடத்தையும் பக்கத்துத் தரையையும் தொட்டுப் பார்த்தால் ஒன்று 128, மற்றது 125 என்பது போல வரும். இந்த வித்தியாசம் தரையின் சொரசொரப்பிலேயே அடங்கிவிடும். நீலம் தப்பித்திருக்கிறது என்று பொருள். 20, 30 என்று தள்ளி நின்றால் நீலத்திலும் தேதி ஏறியிருக்கிறது. அந்த இடத்தில் கீழே சொல்லும் முறை பலிக்காது.

முதலில் தரை. blue லேயரைப் பிரதியெடுத்து red லேயருக்கு நேர் மேலே வைக்க வேண்டும். தரையில் எண்ணுக்குப் பக்கத்தில் நீலம் 125, சிவப்பு 160 என்றால், மேலே வைத்த பிரதியின் பிரகாசத்தை Colors > Levels-இல் நடு முக்கோணத்தை நகர்த்தி 160-க்குக் கொண்டுவர வேண்டும். பிறகு அந்தப் பிரதிக்கு Layer > Mask > Add Layer Mask போட்டு Black என்று தேர்ந்தெடுத்தால் அது முழுதாக மறைந்துவிடும். இப்போது வெள்ளை நிறத்தில், விளிம்பு சற்று மென்மையான பிரஷ்ஷால் எண்களின்மேல் மட்டும் பூச வேண்டும். பூசிய இடத்தில் மட்டும் திருத்திய நீலப் பிரதி எட்டிப்பார்க்கும். எரிந்துகொண்டிருந்த 9 அணைந்து, அந்த இடத்தில் தரையின் உண்மையான புள்ளிகளும் கீறல்களும் வந்து நிற்கும். கற்பனையாக ஒட்டியது எதுவும் அங்கே இல்லை.

பச்சைச் சேனலுக்கும் இதே வேலை, அளவு மட்டும் வேறு. அங்கே நடுக்கோடுதான் பாதிக்கப்பட்டிருக்கும் என்பதால் மெலிந்த பிரஷ் போதும். சிவப்பில் அப்படியல்ல, ஒளி கசிந்த ஓரத்தையும் சேர்த்து, எண்ணின் தடிமனைவிட இரண்டு பங்கு அகலத்துக்குப் பூச வேண்டியிருக்கும்.

அடுத்து புடவை. தரைக்கு வைத்த அளவு இங்கே செல்லாது. கரும்பச்சைத் துணியில் சிவப்புச் சேனல் நீலத்தைவிடக் கறுத்திருக்கும்; தரையிலோ வெளுத்திருந்தது. எனவே இன்னொரு பிரதி எடுத்து, இந்த முறை பிரகாசத்தைக் குறைத்துப் பொருத்த வேண்டும். ஒரே நிறமுள்ள பரப்புக்கு ஒரு அளவு என்பதே விதி. பொருந்தியதும் மடிப்புகளின் நிழல் எண்களின் வழியே அறுபடாமல் ஓடும். பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினால் கிடைக்காதது இதுதான். மடிப்பு எங்கே திரும்புகிறது என்பது நீல அடுக்குக்குத்தான் தெரியும்.

ஜரிகையில் இந்த வித்தை தோற்றுவிடும். தங்க நிறம் என்றால் சிவப்பும் பச்சையும் மிகுதி, நீலம் குறைவு. ஜரிகை சிவப்புச் சேனலில் வெளுத்திருக்கும், நீலச் சேனலில் கறுத்திருக்கும். ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்தால் கரை அழுக்கேறியது போலாகும். நல்ல வேளையாக, பளிச்சென்ற ஜரிகையின்மேல் தேதி அவ்வளவாகத் தெரியாது. மிச்சமிருப்பதை Clone கருவியால் சரிசெய்யலாம். Ctrl விசையை அழுத்திக்கொண்டு, கரையில் சற்று மேலே அதே சரிவில் உள்ள இடத்தைச் சொடுக்கி, கரையின் கோட்டோடு கோடு சேரும்படி எண்ணின்மேல் பூச வேண்டும். இந்த வேலையை மூன்று சேனலையும் மறுபடி சேர்த்த பிறகு வண்ணப் படத்தில் செய்வது எளிது.

சேர்ப்பதற்கு, மேலே வைத்த பிரதிகளை அந்தந்த லேயரோடு Merge Down செய்துவிட்டு, Colors > Components > Compose-இல் எது சிவப்பு, எது பச்சை, எது நீலம் என்று காட்டினால் புதிய வண்ணப் படம் கிடைக்கும்.

எங்கே தவறும், எப்படித் தெரியும்

அடிக்கடி நேரும் பிழை, முகமூடியைச் சொடுக்கியிருக்கும்போது Levels-ஐ நகர்த்துவது. லேயர் பட்டியலில் இரண்டு சின்னப் படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இடப்பக்கம் இருப்பது படம், வலப்பக்கம் இருப்பது முகமூடி. பிரகாசத்தைத் திருத்தும்போது இடப்பக்கத்தையும், பூசும்போது வலப்பக்கத்தையும் சொடுக்க வேண்டும். பூசியும் எதுவும் மாறவில்லை, அல்லது லேயரிலேயே வெள்ளைத் தீற்றல் விழுகிறது என்றால் காரணம் இதுதான்.

இரண்டாவது பிழை கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. எண்கள் போயிருக்கும், அவற்றைச் சுற்றியிருந்த சிவப்பு ஒளிவட்டம் லேசாக மிஞ்சியிருக்கும். திரையில் நன்றாகத் தெரிகிற படம், பெரிதாகப் பிரிண்ட் போட்டதும் மூலையில் செம்மண் படிந்தது போல் வரும். இதைக் கண்டுபிடிக்க, முடித்த படத்தின் நகல் ஒன்றில் Hue-Saturation-ஐத் திறந்து நிறச் செறிவை உச்சத்துக்கு ஏற்றிப் பார்க்க வேண்டும். மிச்சமிருக்கும் சிவப்பு உடனே காட்டிக்கொடுத்துவிடும். மூலப் படத்தில் அந்த இடத்தை மீண்டும் பூசிவிட்டு நகலைத் தூக்கிப் போடலாம்.

மூன்றாவது, நகலெடுத்து ஒட்டுபவர்களின் பிழை. ஒரே கல்லோ ஒரே கறையோ அருகருகே இரண்டு முறை வந்து நிற்கும். மென்மையான பிரஷ்ஷால் பல முறை தேய்த்தால் ஃபிலிமின் மணிமணியான தன்மை போய், மெழுகு பூசியது போலாகும். விளிம்பு சற்றுக் கடினமான பிரஷ், ஒவ்வொரு சொடுக்குக்கும் வேறு வேறு இடம் என்று மாற்றிக்கொண்டே போவதுதான் மருந்து.

இவ்வளவு சிரமம் எல்லாப் படத்துக்கும் தேவையில்லை. தேதி புல்லிலோ மணலிலோ இருட்டிலோ விழுந்திருந்தால் Heal கருவியோ, ஃபோனில் ஸ்னாப்சீடின் Healing வசதியோ போதும். விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தடவினால் வேலை முடிந்தது. அங்கே மீட்பதற்கு முக்கியமான விவரமும் இல்லை. எண்களுக்கு அடியில் முகமோ கையோ எழுத்தோ நேர்கோடோ ஓடினால்தான் சேனல்களைப் பிரிக்கும் உழைப்புக்குப் பலன் உண்டு.

முறையே பலிக்காத படங்களும் உண்டு. எண்ணின் நடு மஞ்சளாக இல்லாமல் வெள்ளையாக இருந்தால் நீல அடுக்கும் போய்விட்டது என்று பொருள். சாயம் மங்கிய பிரிண்டுகளில் நீலச் சேனல் வெறும் புள்ளிக்கூட்டமாக இருக்கும். அதை மற்றச் சேனலுக்குக் கொடுத்தால் புள்ளிகளும் சேர்ந்தே வரும். இந்த இரண்டு நிலையிலும் குழந்தையின் முகத்தில் தேதி விழுந்திருந்தால் அழிக்காமல் விட்டுவிடுவதே சரி. அங்கே புதிதாக வரைந்து வைக்கும் கன்னம் அந்தக் குழந்தையுடையது அல்ல. மற்ற படங்களில் தாராளமாகக் கைவைக்கலாம். ஆனால் தேதியோடு உள்ள மூல ஸ்கேனுக்கு 1994-05-22 என்று தொடங்கும் பெயர் வைத்து, திருத்திய படம் இருக்கும் அதே கோப்புறையில் சேமித்து வையுங்கள்.